பளிச்சுன்னு இல்லம்மா

ஆற்காட்டில் மக்கன் பேடா போடும் கடை ஒன்றுக்கு 2024-இல் வெப்சைட் செய்து கொடுத்தேன். தீபாவளி ஆர்டரை ஆன்லைனில் எடுக்க வேண்டும் என்பது கடைக்காரர் ஆசை. முகப்புப் பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிப் படத்தை, எங்கள் பாஷையில் மாக்-அப்பை, ஆகஸ்ட் 26 அன்று மெயிலில் அனுப்பினேன். மெயிலில் நான் எழுதியது மொத்தம் இரண்டு வரி: "டிசைன் இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்."

ஒரு வாரம் சத்தமே இல்லை. செப்டம்பர் 2-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் கடாய் சத்தம், யாரோ அரைக் கிலோ கேட்கும் சத்தம், நடுவில் கடைக்கார அண்ணன் குரல். "நல்லாத்தாம்மா இருக்குது. இன்னா ஒண்ணு, கொஞ்சம் பளிச்சுன்னு இல்ல."

பளிச்சுன்னு இல்லை என்றால் என்ன? நிறம் மங்கல் என்கிறாரா, படம் சின்னது என்கிறாரா, எழுத்து தெரியவில்லை என்கிறாரா? நானாகவே நிறம்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அரக்குச் சிவப்பை எடுத்துவிட்டு வேறு சிவப்பு போட்டேன், மஞ்சளை ஏற்றினேன், பேடா படத்தில் பாகின் மினுமினுப்பைக் கூட்டினேன். நான்கு நாள் போனது. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் மௌனம். அந்த வாரம் சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி. ஸ்வீட் கடைக்காரர் அந்த நேரத்தில் மெயில் பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்ததே தப்பு.

சதுர்த்தி முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சத்துவாச்சாரியிலிருந்து பஸ் பிடித்து நேரில் போனேன். கல்லா மேசையில் கண்ணாடிக்குக் கீழே என் டிசைன் இருந்தது, கருப்பு வெள்ளையில். அண்ணன் மெயில் திறப்பதே இல்லையாம். கடையின் மெயிலைக் கணக்குப் பார்ப்பவர்தான் திறக்கிறார். வந்ததை பில் அடிக்கிற லேசர் பிரிண்டரில் ஒரே ஒரு ஏ4 தாளில் அடித்துக் கல்லாவில் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் திரைக்குச் செய்த நீளமான பக்கம் ஏ4-க்குள் சுருங்கி, பேடா எல்லாம் கருப்பு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. முதல் மாதிரியும் அப்படித்தான், நான்கு நாள் உழைத்த இரண்டாவதும் அப்படித்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அண்ணன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் பார்த்ததை அவர் சொன்னார். எதில் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து ஒப்புதல் மெயிலை முதலிலிருந்து எழுதினேன். எழுதுவதற்கு முன் ஒரு தாளில் நாளைப் பின்னோக்கி எண்ணினேன். விஜயதசமி அன்று, அதாவது அக்டோபர் 12 சனிக்கிழமை, சைட் திறந்தாக வேண்டும் என்று அண்ணன் ஏற்கனவே சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரு வாரம் சோதனைக்கு வேண்டும். கோடிங்கிற்கு மூன்று வாரம். அப்படியென்றால் செப்டம்பர் 13 வெள்ளி காலை கோடிங் செய்கிற தம்பி உட்கார்ந்தாக வேண்டும். ஆகவே கெடு செப்டம்பர் 12 வியாழன். "வியாழனுக்குள்" என்று விட்டால் இரவு பதினொன்றரைக்குப் பதில் வரும், அதில் ஒரு சந்தேகம் இருந்தால் கேட்க ஆள் இருக்க மாட்டார். அவருக்குக் கை ஓயும் நேரம் மதியம் இரண்டு முதல் நான்கு. அதற்கப்புறம் சாயந்திர வியாபாரம் பிடித்துக்கொள்ளும். அதனால் மாலை 4 மணி என்று குறித்தேன்.

திங்கட்கிழமை காலை அனுப்பிய மெயில் இது. கடைப் பெயரையும் விலையையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

பொருள்: வெப்சைட் முகப்பு – 4 கேள்வி – செப். 12 வியாழன் மாலை 4 மணிக்குள் பதில் வேண்டும்

அண்ணா, வணக்கம்.

முகப்புப் பக்கத்தின் இரண்டாவது மாதிரி இத்துடன் இருக்கிறது. இரண்டு ஃபைல். ஒன்று போனில் தெரிவது, இன்னொன்று கம்ப்யூட்டரில் தெரிவது. போன் ஃபைலை மட்டும் உங்கள் போனில் திறந்து பார்த்தால் போதும். பிரிண்ட் எடுக்க வேண்டாம், நிறம் தெரியாது.

இப்போது முடிவாக வேண்டியது பக்கத்தின் வரிசை, நிறம், எழுத்தின் அளவு. இதில் இருக்கும் படங்களும் விலையும் சும்மா இடம் பிடிக்கப் போட்டவை. அதை இப்போது பார்க்க வேண்டாம்.

1. மேலே வரும் பெரிய படத்தில் பேடா முழுசாகப் பாகில் இருப்பதைக் காட்டலாமா (அ), பாதியாக வெட்டி உள்ளே இருக்கும் முந்திரி, பாதாம் தெரிகிற மாதிரி காட்டலாமா (ஆ)? என் யோசனை ஆ. வெளியூர்க்காரருக்கு முழுசாகப் பார்த்தால் குலாப் ஜாமூன் மாதிரிதான் தெரியும்.

2. அரைக் கிலோ, ஒரு கிலோ பெட்டியின் சரியான விலை என்ன? ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?

3. டெலிவரி தமிழ்நாட்டுக்குள் மட்டுமா, பெங்களூருவும் உண்டா? உண்டு என்றால் முகப்பில் பின்கோடு கேட்கும் பெட்டி ஒன்று வரும்.

4. சைட் திறந்ததும் முதலில் தமிழ் வரட்டுமா, ஆங்கிலம் வரட்டுமா? என் யோசனை தமிழ். ஆங்கிலத்துக்கு மாற்ற மேலே பட்டன் இருக்கும்.

வீட்டில் எல்லோரிடமும் காட்டுங்கள். முடிவை மட்டும் நீங்கள் ஒருவர் சொல்லுங்கள்.

வியாழன் மாலை 4 மணிக்குள் பதில் வந்தால் வெள்ளி காலை வேலை தொடங்கும், விஜயதசமிக்குத் திறக்கலாம். பதில் எத்தனை நாள் தள்ளுகிறதோ, திறப்பும் அத்தனை நாள் தள்ளும். 4-ஆவது கேள்விக்கு மட்டும் பதில் வராவிட்டால் தமிழ் என்றே வைத்துக்கொள்கிறேன். 1, 2, 3-க்கு உங்கள் வாயால் சொல்லாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன்.

நீங்கள் "சரி" என்ற பிறகு எழுத்து, படம், விலை மாற்றுவதற்குக் காசு இல்லை. வரிசையையோ நிறத்தையோ மாற்றினால் கூடுதல் நாளும் கூடுதல் செலவும் ஆகும். எழுதச் சிரமமாக இருந்தால் குரல் செய்தி அனுப்புங்கள்.

மெயில் இவ்வளவுதான். அனுப்பிய கையோடு அதே இரண்டு ஃபைலையும் வாட்ஸ்அப்பிலும் போட்டேன், டாக்குமென்ட்டாக. படமாகப் போட்டால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்து குழம்பிப் போகும். நாங்கள் டிசைன் போடும் ஃபிக்மாவின் லிங்க் அனுப்பவில்லை. எங்களுக்கு அது வசதி, ஆனால் போனில் அண்ணன் அதைத் திறந்து விரலால் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார், கடைசியில் கணக்குப் பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவார். கதை மறுபடி பிரிண்டரில் போய் நிற்கும். ஃபைல் பெயர் `mugappu_phone_v2_09sep.pdf`. பெயரில் தேதி இருந்ததால் பழைய தாளை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் உடனே கண்டுபிடிக்கலாம்.

எந்தக் கேள்விக்கு மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். "பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும்" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி போடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நானும் முன்பு போட்டிருக்கிறேன். வேறொரு வாடிக்கையாளரிடம் அந்த வரியை நம்பி மொத்தப் பக்கத்தையும் கட்டி முடித்தேன். "நான் எப்போ சரின்னு சொன்னேன்?" என்று ஒரே கேள்வி கேட்டார். மெயிலைக் காட்டினேன். அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. சட்டம் பேசி என்ன பிரயோஜனம், பாதிப் பணத்தோடு அந்த வேலை நின்றது. அதிலிருந்து, தப்பாகப் போனால் ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடிய விஷயத்துக்கு மட்டும்தான் மௌனத்தைச் சம்மதமாக எடுக்கிறேன். எந்த மொழி முதலில் என்பது ஒரு செட்டிங். பின்கோடு பெட்டி அப்படி இல்லை. அதன் பின்னால் கூரியர் கணக்கு, டெலிவரி கட்டணம் எல்லாம் தொங்குகிறது.

செவ்வாய்க்கிழமை பதில் இல்லை. புதன் மதியம் இரண்டரைக்கு ஒரு வரி நினைவூட்டல் அனுப்பினேன்: "அண்ணா, நாளை 4 மணி. நாலு கேள்விதான்." பழைய மெயிலை மறுபடி அனுப்பவில்லை. முழு மெயிலும் இரண்டாவது முறை வந்தால் புதுசாக ஏதோ இருக்கிறது என்று நினைத்து "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிடுவார்கள்.

வியாழன் மதியம் மூன்று மணிக்கு மூன்று நிமிடக் குரல் செய்தி வந்தது. போனில் பார்த்திருக்கிறார், முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. "கலரு சோக்கா இருக்குதும்மா." அப்புறம் முதல் கேள்விக்கு வந்தார். "வெட்டக் கூடாதும்மா. கத்தி வெச்சா பாகு வழியும், உள்ள இருக்கிறது கூழாட்டம் தெரியும். கையால பிட்டுக் காட்டு. பிட்டா தான் முந்திரி நிக்கும்." நான் கொடுத்த அ, ஆ இரண்டிலும் இல்லாத பதில் அது. ஆனால் ஆ என்று ஒன்றை நான் போட்டிருக்காவிட்டால் அவர் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். ஆளுக்கு முன்னால் ஒரு தப்பான பேடாவை வைத்தால்தான் சரியான பேடா வெளியே வருகிறது. பெங்களூரு உண்டு, தமிழ் முதலில் என்றார். விலை "மருமக அனுப்பும்".

குரல் செய்தியை அப்படியே விட்டால் பிறகு தேட முடியாது. மூன்று நிமிடத்தில் எந்த இடத்தில் என்ன சொன்னார் என்று யார் மறுபடி கேட்பது? அதனால் அன்றே நாலு மணிக்குள் ஒரு மெயிலும், அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும்: "அண்ணா, நீங்கள் சொன்னதை எழுதி வைக்கிறேன். 1. கையால் பிட்ட பேடா. 2. விலை மருமகள் அனுப்புவார். 3. பெங்களூரு உண்டு. 4. தமிழ் முதலில். நிறம், வரிசை, எழுத்து அளவு இந்த v2 ஃபைலில் உள்ளபடியே. சரி என்றால் 'சரி' என்று மட்டும் போடுங்கள்." பத்து நிமிடத்தில் "சரிமா" வந்தது. நான் ஒப்புதல் என்று கணக்கில் வைத்துக்கொண்டது குரல் செய்தியை அல்ல, இந்த ஒரு சொல்லை.

விலை வியாழனன்று வரவில்லை, சனிக்கிழமை தான் வந்தது. அதற்காக வேலையை நிறுத்தவில்லை. விலை அட்மின் பக்கத்தில் நிரப்புகிற ஒரு கட்டம், எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம். 'கூடுதல் நாள் ஆகும்' என்று மெயிலில் மிரட்டிவிட்டு இதற்குப் போய் இரண்டு நாள் ஏற்றியிருந்தால் அடுத்த முறை அவர் என் கெடுவை நம்பியிருக்க மாட்டார். உண்மையில் இரண்டாவது கேள்வியை நான் அந்த மெயிலில் கேட்டிருக்கவே கூடாது. விலையைப் பார்க்க வேண்டாம் என்று மேலே எழுதிவிட்டு, கீழே விலை என்ன என்று கேட்டிருக்கிறேன். டிசைன் ஒப்புதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனியாக மருமகளுக்கே ஒரு செய்தி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும்.

செப்டம்பர் கடைசியில் சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகன் லீவுக்கு வந்தார். பின்னணி கருப்பாக இருந்தால் ஸ்டைலாக இருக்கும் என்றார். படித்த பையன், ரசனையும் மோசமில்லை. ஆனால் கோடிங் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. நான் எதுவும் வாதிடவில்லை. 12-ஆம் தேதி மெயிலையும் "சரிமா"வையும் அவருக்கு அனுப்பி, மாற்றலாம், ஆறு நாள் ஆகும், விஜயதசமி தாண்டும், அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அன்று ராத்திரியே அண்ணனிடமிருந்து போன். "அவன் கெடக்கிறான், நீ செய்மா." முடிவை ஒருவர் சொல்லட்டும் என்று எழுதிய வரி அங்கேதான் வேலை செய்தது.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தேன். அக்டோபர் 7 திங்கட்கிழமை, சோதனை ஆர்டர் போட்டுப் பார்க்கிறோம். நான் பெங்களூரு பின்கோடு ஒன்றைப் போட்டு, ஆர்டர் கடைக்கு வந்ததா என்று கேட்டேன். வந்தது. அண்ணன் கேட்டார்: "இத யாரும்மா வாங்கிட்டுப் போவாங்க?"

பெங்களூருக்காரர்கள் போனில் ஆர்டர் சொல்லுவார்கள், வேலூர்ப் பக்கம் வருகிற சொந்தக்காரர் யாராவது கடைக்கு வந்து வாங்கிப் போவார்கள். பத்து வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அவரைப் பொறுத்தவரை "பெங்களூரு உண்டு". கூரியரில் அனுப்புவது பற்றி அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பாகில் ஊறுகிற பண்டம், டப்பா கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

தப்பு என் கேள்வியில் இருந்தது. "உண்டா, இல்லையா" என்று கேட்டதால் சுருக்கமாகப் பதில் வந்தது. கெடுவுக்குள் வந்தது, எழுத்திலும் வந்தது, அதே சமயம் அதற்கு அவர் மனதில் ஒரு பொருள், என் மனதில் ஒரு பொருள். பேடா கேள்வியில் நான் காரணம் சொன்னேன், அதனால் அவரும் காரணம் சொல்லி என்னைத் திருத்தினார். இந்தக் கேள்வியில் அவர் பிடித்துத் திருத்த எதையும் நான் கொடுக்கவில்லை. இப்போது எழுதினால் அந்தக் கேள்வி இப்படி இருக்கும்:

"போன தீபாவளிக்குப் பெங்களூருவிலிருந்து ஆர்டர் வந்ததா? வந்தது என்றால் பெட்டி கடையிலிருந்து அவர் வீட்டுக்கு எப்படிப் போனது? (அ) கூரியர், (ஆ) பஸ் பார்சல், (இ) அவர்களே வந்து வாங்கினார்கள், (ஈ) வேறு விதம்."

நடந்த ஒன்றைக் கேட்டால் ஆள் ஞாபகத்திலிருந்து சொல்லுகிறார். நடக்கப்போவதைக் கேட்டால் ஆசையிலிருந்து சொல்லுகிறார்.

பின்கோடு பெட்டியை எடுக்கவில்லை, மறைத்து வைத்தோம். அதற்குப் பதிலாக "கடையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு தேர்வும், அதன் பக்கத்தில் தேதி, நேரம் குறிக்க ஒரு கட்டமும் போட்டோம். மூன்று நாள் ராத்திரி கண் விழித்த வேலை. அதற்கு நான் பில் போடவில்லை, என் கேள்விக்கு நான்தான் தண்டம் கட்ட வேண்டும். விஜயதசமி காலை சைட் திறந்தது. டெலிவரி தமிழ்நாட்டுக்குள் மட்டும்.

அதற்குப் பிறகு அதே மெயிலை ராணிப்பேட்டையில் தோல் பை செய்யும் ஒருவருக்கும், காட்பாடியில் ஒரு பல் மருத்துவருக்கும் எழுதியிருக்கிறேன். கேள்விகள் மாறும், எண்ணிக்கை மூன்று நான்கைத் தாண்டாது. தோல் பைக்காரரின் ஆள் சரக்கைக் கப்பல் ஏற்றும் வாரத்தில் மெயிலைத் தொடவே மாட்டார் என்று தெரிந்து கெடுவை அந்த வாரத்துக்கு முன்னால் வைத்தேன். மருத்துவருக்கு மாலை 4 மணி ஒத்துவராது, அவருக்கு அப்போதுதான் நோயாளிகள் வர ஆரம்பிப்பார்கள், மதியம் 1 மணி. முதல் கேள்விக்கு மேலே இன்னொரு வரியைச் சேர்த்துவிட்டேன்: "இதை எதில் திறந்து பார்க்கிறீர்கள், போனிலா, கம்ப்யூட்டரிலா, தாளிலா?"

பல் மருத்துவர் அதற்கு "டேப்லெட்" என்று பதில் போட்டிருந்தார். டேப்லெட்டுக்கு நான் மாதிரியே செய்யவில்லை.